கடலைக்குப் பின் கத்திரி

மலாக்காவின் காஜா பெராங்கில் பீபிக் மீனாச்சியின் வீட்டுக் கொல்லையில் கத்திரிச் செடிகள் சாக ஆரம்பித்தது மாசி மாதத்தில். நல்ல பூப்பிடிக்கிற பருவம். வெயில் ஏறியதும் ஒரு செடி தலையைத் தொங்கப்போடும், சாயங்காலம் நிமிர்ந்துகொள்ளும். வெயிலுக்குத்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டால், இரண்டு மூன்று நாளில் நிமிராமலே போய்விடும். இலை பழுப்பதுகூட இல்லை. பச்சைப் பசேலென்று இருக்கும்போதே துவண்டு செத்துவிடும். பிறகு பக்கத்துச் செடி, பிறகு அதற்கும் பக்கத்தது.

பீபிக் என்பது அங்கே மூத்த பெண்களுக்கு மரியாதைச் சொல். பீபிக் மீனாச்சி மலாக்காச் செட்டி வீட்டுப் பெண்பிள்ளை. தமிழ்ச் சாமிகளைக் கும்பிடுவார், பேசுவதெல்லாம் மலாய். சாரோங் கபாயா உடுத்தி, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு அவர் பேரம் பேசினால் சந்தையில் யாரும் எதிர்த்து நிற்க மாட்டார்கள். அவர் மலாயில் சொன்னதையெல்லாம் நான் தமிழில்தான் எழுதப்போகிறேன், வேறு வழியில்லை. மகன் அப்பு துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தான். அம்மா சொன்னால் சரி, பெண்டாட்டி சொன்னாலும் சரி, இருவரும் ஒரே நேரத்தில் சொன்னால் மட்டும் வெளியே போய்விடுவான். அந்தப் பெண்டாட்டியின் பெயர் தைலம்மை. ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் சீவிக்கொண்டிருந்தவள். அவளை எந்தக் கோயில் திருவிழாவில் அப்பு பார்த்தான் என்பது வேறு கதை. கல்யாணமாகி வந்து சமையலறை மலாய் கற்றுக்கொண்டாள். மாமியாரை 'மாக்', அதாவது அம்மா, என்று கூப்பிட்டாள்.

செடிகள் சாவதைப் பார்த்து பீபிக் மீனாச்சி கேட்ட முதல் கேள்வி உரத்தைப் பற்றியதோ தண்ணீரைப் பற்றியதோ அல்ல. "பார்ச்சுவில் ஏதாவது குறை நடந்ததா?" என்றுதான் கேட்டார்.

பார்ச்சு என்பது செட்டிகள் பொங்கலுக்கு முந்தின நாள் முன்னோருக்கு வாழையிலை போட்டுப் படைக்கிற படையல். சோறு, பிண்டாங் மீன்குழம்பு, பலகாரம், செத்துப்போனவர்களுக்குப் பிடித்தது எல்லாம் இலைக்கு வரும். அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உயிரோடிருப்பவர்களுக்கு. அதற்கு முன்னால் சமைக்கிறவள் உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. மூக்கையும் கண்ணையும் நம்பித்தான் சமைக்க வேண்டும்.

எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் தைலம்மை சொன்னாள்: "மாக், நான் பிண்டாங் குழம்பை ஒரு சொட்டு நாக்குல வச்சேன். பழக்கதோஷம். வச்ச பிறகுதான் ஞாபகம் வந்துச்சு."

யாரும் பார்க்காத தவறு. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது அந்த அடுப்பங்கரையோடு போயிருக்கும். ஆனாலும் சொன்னாள். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த ஆளைப் பாருங்கள்.

அடுத்த ஆள் சூசைநாதன். சிறு தோட்டக்காரர் சங்கம் என்று ஊரில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பயிர் ஆலோசகர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆவணி மாதத்து விவசாயக் கண்காட்சியில் அவன் ஒரு கட்டுரை படிப்பதாக ஏற்பாடு. அதைச் சங்கம் அச்சடித்து எல்லாத் தோட்டக்காரருக்கும் கொடுக்கும். கட்டுரை நன்றாக அமைந்தால் வேலையும் நிலைக்கும். 'மூடுபயிரும் பயிர்ச்சுழற்சியும்: மண்ணுயிருக்கும் களைக்கும் என்ன நேர்கிறது' என்று நீளமாகத் தலைப்பு வைத்திருந்தான். தலைப்பே பாதிப் பக்கம் வரும். ஜாவாவிலும் இந்தியாவிலும் இந்த நாட்டிலும் வந்த அறிக்கைகளைத் தேடித் தேடிப் படித்து, எது நிலைநிற்கிறது, எது வெறும் நம்பிக்கை என்று அதில் அலசிக்கொண்டிருந்தான். உள்ளூர்ச் சாட்சிக்கு அவனிடம் இருந்த பெரிய பெருமை பீபிக் மீனாச்சியின் கொல்லைதான்.

பெருமைப்படவும் காரணம் இருந்தது. அந்த நிலம் வருஷக்கணக்காக லாலாங் புல் மண்டிக் கிடந்தது. வெட்டினால் முளைக்கும், கொளுத்தினால் இன்னும் ஜோராக முளைக்கும்; மண்ணுக்கடியில் ஊசி மாதிரி ஓடுகிற கிழங்கு சாகாமல் மேலே என்ன செய்தும் பயனில்லை. சூசைநாதன் வந்து, "வெட்டவும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம். புல்மேல் கட்டையை உருட்டி, அதை மடித்துப் படுக்கப் போடுங்கள்" என்றான். இடையிடையே வரி கொத்தி, கலப்போ என்று தோட்டத்துக்காரர்கள் சொல்லும் பயற்றுக் கொடியின் விதையை வெந்நீரில் ஊறவைத்துத் தூவச் சொன்னான். அந்த விதையின் தோல் கல் மாதிரி. சூடு பட்டால்தான் நீர் குடிக்கும். கொடி ஓடிப் படர்ந்து, முழங்கால் உயரத்துக்கு மெத்தை போட்டது. லாலாங்குக்கு நிழல் ஆகாது. வெளிச்சம் கிடைக்காமல் இலை வெளுத்தது. கிழங்கில் இருந்த சேமிப்பையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, அடுத்த வருஷத்துக்குள் அது அழுகியே போயிற்று.

கொடியை விலக்கிப் பார்த்தபோது தைலம்மைதான் முதலில் கத்தினாள். மண் கறுத்துப்போய், ஈரமாக, மண்புழு தள்ளிய உருண்டைகளோடு இருந்தது. கொடியின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளி, உள்ளே ரத்தச் சிவப்பாக இருப்பதைச் சூசைநாதன் காட்டினான். "காத்துல இருக்கிற சத்தை இதுதாம்மா பிடிச்சு மண்ணுக்குள்ள இறக்குது" என்றான். அன்றைக்கு அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. கொடியை வெட்டி மடக்கி உழுது, சில வாரம் மக்கவிட்டு, கத்திரி போட்டார்கள். சந்தையில் பீபிக் மீனாச்சியின் கத்திரிக்காய்க்கு ஆள் வரிசையில் நின்றது. அந்த முதல் போகத்திலேயே ஓரமாக ஒன்றிரண்டு செடி துவண்டதுதான். அவ்வளவு காய்ப்புக்கு நடுவில் அதை யார் கவனிப்பது?

"ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடக் கூடாது. குடும்பம் மாற்ற வேண்டும்" என்றான் சூசைநாதன் அடுத்ததாக. அதுவும் உண்மைதான். கத்திரி ஒரு குடும்பம், பயறு வேறு குடும்பம். ஆகவே நடுவில் நிலக்கடலை. கடலையும் பயறு வகை, மண்ணுக்குச் சத்து, வீட்டுக்குத் தின்பண்டம். கடலைச் செடிகளில் இங்கொன்றும் அங்கொன்றும் வாடியபோது தைலம்மை பிடுங்கிக்கொண்டுவந்து காட்டினாள். அவன் வேரைப் பார்த்தும் பார்க்காமலும், "கறையானா இருக்கும். அதையும் மண்ணிலேயே போட்டு மூடிடும்மா, உரம்" என்றான். அவள் மூடினாள். அறுவடை முடிந்து, மீதிக் கொடியெல்லாம் மண்ணில் மடங்கி, மறுபடி கத்திரி நட்டார்கள். மாசியில் சாவு தொடங்கியது.

தைலம்மை குழம்பை நாக்கில் வைத்ததைச் சொன்ன அன்றிலிருந்து வீட்டின் காற்றே மாறியது. பீபிக் மீனாச்சி கொடுமைக்காரி இல்லை. திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. படையல் பாத்திரங்களைத் தனியாக எடுத்து மேலே வைத்தார். நல்ல நாள் சமையலுக்கு மருமகள் அடுப்புப் பக்கம் வரவேண்டாம் என்றார். அவள் அரைத்த மசாலாவைக் கோயிலுக்குப் போகிற பலகாரத்தில் சேர்க்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால், "இதுவா, இது எஸ்டேட் பெண், அதற்கு நம் பந்தாங் எல்லாம் எப்படித் தெரியும்?" என்பார். விலக்கு என்று எதுவுமே தெரியாதவள் என்பது அதற்கு அர்த்தம். இரக்கத்தோடுதான் சொல்வார். அந்த இரக்கம் அடியைவிட வலித்தது என்று தைலம்மை பின்னாளில் சொன்னாள்.

செடிகள் எதனால் சாகின்றன என்று சூசைநாதனுக்கு அப்போது தெரியாது. அதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்கு அநியாயம் செய்தவனாவேன். பூச்சியா, வேரழுகலா என்று அவன் உண்மையாகவே குழம்பினான். ஒரு செத்த செடியைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோனான்.

அந்த வாரம் கட்டுரைக்காக ஒரு பழைய அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தான். மண்ணில் வாழ்கிற ஒரு கிருமியைப் பற்றியது. வேரின் காயம் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறுகிற குழாய்களை அடைத்துக்கொள்ளும். செடி பச்சையாக இருக்கும்போதே தாகத்தில் சாகும். எந்தெந்தப் பயிரைப் பிடிக்கும் என்று எழுதியிருந்தது: தக்காளி, மிளகாய், புகையிலை, கத்திரி. அதே வரியில், கடலை. இதே அறிக்கையை ஒரு வருஷத்துக்கு முன்னாலும் படித்திருந்தான். அப்போது அவன் தேடியது கடலை மண்ணுக்குச் சேர்க்கும் சத்தின் அளவை. அதை எடுத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிட்டிருந்தான்.

அறிக்கையிலேயே சோதனையும் சொல்லியிருந்தது. கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீர் ஊற்றினான். அடித்தண்டை வெட்டிப் பார்த்தான்; உள்ளே பழுப்பு வளையம். அந்தத் துண்டைத் தண்ணீரில் தொங்கவிட்டான். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி ஒன்று இறங்கி, கிளாஸின் அடியில் புகையாகப் பரவியது.

சங்கதி முழுதும் விளங்கிவிட்டது. குடும்பம் மாறினாலும் நோய் மாறவில்லை. இவன் போடச் சொன்ன கடலை கிருமிக்குச் சோறு போட்டு வளர்த்தது. இவன் மூடச் சொன்ன வாடிய செடிகள் அதை நிலமெங்கும் பரப்பின. பிறகு கத்திரியை வரிசையாக நடவைத்து அந்தக் கிருமிக்கு விருந்து இலை போட்டதும் இவன்தான்.

சொல்லியிருக்கலாம். மறுநாள் காலையிலேயே கிளாஸைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். சூசைநாதன் மேஜைமேல் கிடந்த கட்டுரையைப் பார்த்தான். 'கத்திரிக்குப் பின் கடலை, கடலைக்குப் பின் கத்திரி என்ற சுழற்சி மலாக்காச் சிறுதோட்டங்களுக்கு மிகவும் ஏற்றது' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். கண்காட்சி முடியட்டும் என்று நினைத்தான். அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, லாலாங் செத்த கதையை வைத்துக்கொண்டான். கத்திரி செத்த கதையைச் சேர்க்கவில்லை. எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த நினைப்போடு படுத்தான். தூக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள்.

சித்திரையில் பீபிக் மீனாச்சி ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார். மாரியம்மன் கோயிலிலிருந்து மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து நிலமெங்கும் தெளிப்பது. தவறு செய்தவள் விரதமிருந்து, வேறு யார் கையும் படாமல், தானே அத்தனை நாற்றையும் நடுவது. செடி பிழைத்தால் முன்னோர்கள் மன்னித்தார்கள் என்று அர்த்தம். ஒரு வெள்ளிக்கிழமை தைலம்மை காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், முட்டி போட்டு, ஒவ்வொரு நாற்றாக வைத்துக்கொண்டே போனாள். ஒவ்வொன்றுக்கும் ஏதோ முணுமுணுத்தாள். கிணற்றிலிருந்து தண்ணீரும் அவளேதான் சுமந்தாள்.

சூசைநாதன் அன்றைக்கு அங்கே போயிருந்தான். எதற்காக நடுகிறாள் என்பது அவனுக்கும் தெரியும். கிணற்றடியில் நின்றான். அவள் நிமிர்ந்து, நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "இடைவெளி போதுமா ஐயா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் விட்டு நடும்மா. காத்தோட்டம் வேணும்" என்றான் அவன்.

அவள் தலையாட்டிவிட்டு, நட்டதைப் பிடுங்கி மறுபடி நட்டாள்.

அந்த நாற்றுகளும் செத்தன. முதல் தடவையைவிட வேகமாகச் செத்தன. மண்ணில் கிருமி அவ்வளவு பெருகியிருந்தது. பீபிக் மீனாச்சி வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தார். பிறகு அப்புவைக் கூப்பிட்டார். ஆனியில் பழப் பார்ச்சு வருகிறது, முன்னோருக்குப் பழங்கள் படைக்கிற நாள். அதற்கு முன்னால் தைலம்மையை அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடு, நிலம் சரியானபிறகு கூட்டிவரலாம் என்றார். நிலம் எப்போது சரியாகும் என்று அப்பு கேட்கவில்லை. வெளியே போய்விட்டான்.

இதைச் சூசைநாதனிடம் தைலம்மையே சொன்னாள். சண்டையில்லை, அழுகையில்லை. "நான் செஞ்சதுக்கு நான்தானே ஐயா அனுபவிக்கணும். ஒரு சொட்டு நாக்குல வச்சேன், நிலமே போச்சு" என்றாள். எஸ்டேட் லயத்துக்குத் திரும்பிப்போகிற பெண்ணைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் மழையைப் பற்றி ஏதோ பேசிவிட்டு சைக்கிளை எடுத்தான். அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தும் என்ன, சைக்கிள் சங்கத்தை நோக்கித்தான் ஓடியது.

சங்கத்தின் காரியதரிசி யூனுஸ் ராவுத்தர். பெண்டஹாரா சாலையில் அவருடைய ஜவுளிக்கடைதான் சங்கத்தின் அலுவலகமும். செங் என்ற ஊரில் அவருக்கு ஓர் இளம் ரப்பர் தோட்டம். அங்கேயும் சூசைநாதன் யோசனைப்படி கலப்போ படர்ந்து லாலாங்கை அடக்கியிருந்தது. கொடி மரத்தில் ஏறி நெரித்துவிடாதபடி ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் வட்டமாக வெட்டிவிடுவார்கள். ராவுத்தர் கட்டுரையின் பிரதியை வாங்கி மூக்குக்கண்ணாடியோடு கடைசிவரை படித்திருந்தார்.

"தம்பி, அருமையா எழுதியிருக்கீங்க. மண்ணுல புழு பெருகுனது, வேர் முடிச்சு, எல்லாம் கண்ணால பாத்தமாதிரி இருக்கு. அச்சுக்குக் கொடுத்துடலாம்" என்றார். "ஒண்ணு கேக்கணும். செங்ல தோட்டத்தோரமா கொஞ்சம் காலி நிலம் கெடக்கு. மிளகாய் போடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி கடலை போட்டுடட்டுமா? பயறு வகைதானே, மண்ணுக்கு நல்லதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"வேணாம் ராவுத்தர்! கடலை வேணவே வேணாம்" என்றான் சூசைநாதன். யோசிக்காமல் வந்த வார்த்தை. "மிளகாய்க்கு முன்னாடி சோளம் போடுங்க. கடலைக்கும் மிளகாய்க்கும் ஒரே வாடல் நோய் வரும். கத்திரிக்கும் அதேதான்."

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கத்திரிக்குமா? அப்ப காஜா பெராங்ல அந்த பீபிக்கோட கொல்லையில என்ன போட்டீங்க?"

சூசைநாதன் ராவுத்தர் கையிலிருந்த பிரதியைப் பார்த்தான்.

"அங்க கத்திரி எல்லாம் செத்துப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். மருமக ஏதோ பூஜையில தப்புப் பண்ணிட்டான்னு எங்க கடைக்கு வர்ற பொம்பளைங்க பேசிக்கிறாங்க." ராவுத்தர் பிரதியை மடித்தார். "தம்பி, என் மிளகாய்க்கு இவ்வளவு சீக்கிரம் பதில் வந்துச்சே."

அவ்வளவுதான் சொன்னார். துணி வாங்க ஆள் வந்துவிட்டதால் எழுந்து போய்விட்டார். சூசைநாதனுக்குக் காது மடல் வரை கொதித்தது. வாங்காத மிளகாய் விதைக்காக அவன் வாய் தானாகத் திறந்தது. முட்டிபோட்டு நட்டுக்கொண்டிருந்தவளுக்காகத் திறக்கவில்லை. ராவுத்தர் காரியதரிசி, அவள் எஸ்டேட் பெண். வேறு காரணம் எதையும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. தேடிப் பார்த்தான், இல்லை.

கடையிலிருந்து நேராகக் காஜா பெராங்குக்குப் போனான். அப்பு வீட்டில் இருந்தான். தைலம்மையின் துணிமூட்டை கூடத்துச் சுவரோரம் கட்டி வைக்கப்பட்டிருந்தது. பீபிக் மீனாச்சி நாற்காலி போடச் சொன்னார். சூசைநாதன் உட்காரவில்லை. ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் கேட்டான். கொல்லைக்குப் போய், மிச்சமிருந்ததில் காலையில் துவண்ட ஒரு செடியைப் பிடுங்கி வந்து, எல்லார் முன்னாலும் தண்டை வெட்டி, தண்ணீரில் தொங்கப் பிடித்தான். தண்டில் ஒட்டியிருந்த மண் கரைந்து தண்ணீர் கலங்கியது. இன்னொரு கிளாஸ் கேட்டு மறுபடி பிடித்தான்.

வெள்ளை நூல் இறங்கியது. அப்பு குனிந்து பார்த்து, "பால் மாதிரி இருக்கு" என்றான்.

"இது நோய்" என்றான் சூசைநாதன். மலாயில் ஒரு தடவை, தைலம்மைக்காகத் தமிழில் ஒரு தடவை, இரண்டிரண்டாகவே பேசினான். "மண்ணுல உயிர் பெருகினா நல்லதுன்னு சொன்னேன். பெருகிச்சு. அதுல இதுவும் சேர்ந்து பெருகிடிச்சு. முதல்லயே கொஞ்சம் இருந்திருக்கு. நான் கடலை போடச் சொன்னேன்; கடலையும் இந்த நோய்க்கு ஆகாரம். வாடுன செடியை மண்ணுல மூடச் சொன்னேன். அதுவும் தப்பு, எடுத்து எரிச்சிருக்கணும். பார்ச்சுல குழம்பை ருசி பார்த்ததுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. யாரும் ருசி பாக்கலைன்னாலும் கத்திரி செத்துத்தான் இருக்கும். இது என் தப்பு."

பீபிக் மீனாச்சி கிளாஸை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"இனி என்ன செய்வது?" என்று கேட்டார்.

"கத்திரி, மிளகாய், தக்காளி, கடலை எதுவும் கொஞ்ச வருஷத்துக்குக் கூடாது. கொல்லைக் கோடியில் தாழ்ந்த இடத்தில் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கி நெல் போடுங்கள். தண்ணீர் நின்றால் இந்தக் கிருமி ஒடுங்கும். மேட்டில் சோளம் போடுங்கள். வெறும் மண்ணாக விட்டால் லாலாங் திரும்ப வந்துவிடும்."

பீபிக் மீனாச்சி பெருமூச்சு விட்டார். பிறகு, சூசைநாதன் கொஞ்சமும் எதிர்பாராதபடி, அவன் தோளைத் தட்டினார். "போகட்டும் விடு, நாக். படித்தவனுக்கும் கை தவறும். இவ்வளவு தூரம் வந்து உண்மையைச் சொன்னாயே, யார் சொல்வார்கள்? உட்கார், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்" என்றார். 'நாக்' என்றால் பிள்ளாய் என்று அர்த்தம். அப்புவைப் பார்த்து, "அந்த மூட்டையை அவிழ்க்கச் சொல். எங்கேயும் போக வேண்டாம்" என்றார். மருமகளிடம் நேராக ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதா, வாய் வரவில்லையா, எனக்குத் தெரியாது.

திட்டு வாங்கவும் விரட்டப்படவும் தயாராக வந்தவன் சூசைநாதன். கிடைத்ததோ நாற்காலி. ஒரு சொட்டுக் குழம்புக்கு நாலு மாதம் ஒதுக்கி வைத்த அதே கை, நிலத்தையே கெடுத்தவனை ஒரு மூச்சில் மன்னித்துவிட்டது. அவனுக்கு நெஞ்சு லேசானது என்னவோ உண்மை. உட்காரக்கூடச் செய்தான்.

தைலம்மை அதுவரை கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். நாலு மாதம் சுமந்ததைக் கீழே வைத்துவிட்டு, கை இன்னும் பாரத்தைத் தேடுகிற மாதிரி நின்றாள். மெல்ல முன்னால் வந்தாள்.

"ஐயா, இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். பீபிக் மீனாச்சிக்கு அந்தத் தமிழ் பாதிதான் புரியும். அப்பு கேட்க மாட்டான். சொன்னால் அவள் நம்பியும் இருப்பாள், அவள் அப்படிப்பட்டவள்.

"மாசி கடைசியிலயே தெரியும்" என்றான் சூசைநாதன்.

அவள் விரலை மடக்கவில்லை, கணக்குப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப, நான் விரதமிருந்து நாத்து நட்டன்னிக்கு?"

"தெரியும்."

"கெணத்தடியில நின்னீங்களே. இன்னும் தள்ளி நடுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஒவ்வொரு நாத்துக்கும் நான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே நட்டேன்யா. மாக்கோட மாமியார், அவங்களுக்கும் மாமியார், பேரு தெரியாதவங்ககிட்டெல்லாம் கேட்டேன். செத்துப்போகும்னு தெரிஞ்சுகிட்டே பாத்துகிட்டு இருந்தீங்களா?"

சூசைநாதன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "என்னை மன்னிச்சிடும்மா" என்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்க வெட்கமாக இருந்தது.

பீபிக் மீனாச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன கேட்கிறாள்?" என்றார். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

தைலம்மை சுவரோரம் போய்த் துணிமூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் அடுக்கிக்கொண்டாள். உள்ளே போகிறவள் வாசற்படியில் நின்றாள். கோபமாகப் பேசவில்லை, நாற்றுக்கு இடைவெளி கேட்டாளே, அதே குரலில் சொன்னாள்.

"மாக் மன்னிச்சிட்டாங்க. அது அவங்க நெலம். நான் மன்னிக்கல ஐயா."